பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் தொடர்ந்து பொருள் வழங்க விரும்புவோருக்கு: எந்தப் பத்திரம், எந்த வரிசையில்

ஊர் திரும்பிய குடும்பங்களில் பலர் முதலில் தொடங்குவது சமையலோடு அல்லது மரக்கறியோடு தொடர்புடைய தொழிலைத்தான். வீட்டில் அடுப்பு இருக்கிறது, கை இருக்கிறது. இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். படுவான்கரையிலிருந்து கத்தரியும் பூசணியும் வாங்கி வந்து ஆரையம்பதிச் சந்தியில் விற்கிறார்கள். சில மாதம் போனதும், நாள்தோறும் நிச்சயமாக வாங்கும் ஒருவர் கிடைத்தால் நல்லது என்ற எண்ணம் வருகிறது. ஊரிலே அப்படி நிச்சயமாக வாங்கும் இடங்கள் இரண்டு: பாடசாலை, வைத்தியசாலை.

அங்கே போய்க் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலோடு திரும்புகிறார்கள்: "பத்திரங்களைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்." அதிபர் உங்களைச் சிறு வயது முதல் அறிந்தவராகவே இருக்கலாம். உங்கள் கைச் சாப்பாட்டை அவர் சாப்பிட்டும் இருக்கலாம். ஆனாலும் அவர் கொடுப்பது அரசாங்கப் பணம். பிறகு ஒரு நாள் கணக்காய்வு உத்தியோகத்தர் வந்து கோவையைத் திறக்கும்போது நான்கு கேள்விகளுக்கு அந்தக் கோவையே பதில் சொல்ல வேண்டும். பணம் வாங்கியவர் யார்? இப்படி ஒரு வியாபாரம் உண்மையில் இருக்கிறதா? உணவு பாதுகாப்பானது என்று யார் பார்த்துச் சொன்னார்? பணம் எந்தக் கணக்குக்குப் போனது? உங்களிடம் கேட்கப்படும் ஒவ்வொரு பத்திரமும் இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால், ஒரு பத்திரம் இல்லாதபோது அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்பதையும் விளங்கிக் கேட்கலாம்.

இரண்டு வாசல்கள்

பாடசாலைக்கு வழங்குவதும் வைத்தியசாலைக்கு வழங்குவதும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். நடைமுறை வேறு வேறு.

பாடசாலைப் போசாக்கு உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்ற தொகையை அரசாங்கமே தீர்மானிக்கிறது. எந்த நாளில் எந்த உணவு என்ற பட்டியலும் மேலிருந்து வருகிறது. நீங்கள் விலை போட்டி போடுவதில்லை. அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் உள்ள பாடசாலை மட்டக் குழு ஒன்று சமைத்துக் கொடுப்பவரைத் தெரிவு செய்கிறது. அந்தப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கே வழமையாக முதலிடம் கிடைக்கும். ஆகவே இந்த வாசல் ஊர் திரும்பிய தாய்மாருக்குப் பொருத்தமானது. தெரிவான பிறகு அதிபரோடு ஓர் உடன்படிக்கை எழுதப்படும். மாத முடிவில் உங்கள் பற்றுச்சீட்டை அதிபர் உறுதிப்படுத்தி வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புவார். ஆரையம்பதிப் பாடசாலைகளுக்கு அது மட்டக்களப்பு வலயம். பணம் அங்கிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

வைத்தியசாலையில் விலையை நீங்களே எழுத வேண்டும். நோயாளருக்கான மரக்கறி, மீன், முட்டை, பாண், தேங்காய் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறை விலைமனு கோரப்படும். சில இடங்களில் சமைத்த உணவாகவே கேட்பார்கள். ஆரையம்பதி வைத்தியசாலை மாகாண நிருவாகத்தின் கீழ் உள்ளது. அதற்கான அறிவித்தல்களை மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் விசாரியுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குவது. அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஓரிடத்தில் பதிந்தால் மற்ற இடத்திலும் பதிந்ததாகிவிடும் என்று நினைத்து ஓர் ஆண்டை வீணாக்கியவர்கள் உண்டு.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். "வழங்குநர்களைப் பதிவு செய்தல்" என்று பத்திரிகையிலும் அறிவித்தற் பலகையிலும் வருவது கொள்வனவுக்கான கட்டளை அல்ல. அடுத்த ஆண்டில் பொருள் தேவைப்படும்போது யாரிடம் விலை கேட்பது என்ற பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இருந்தால் விலைமனுப் படிவம் உங்களுக்கு வரும். விலை பொருந்தினால்தான் கட்டளை. பெரும்பாலான நிறுவனங்கள் இந்தப் பதிவை ஆண்டின் கடைசி மாதங்களில் அடுத்த ஆண்டுக்காகச் செய்கின்றன. ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனித்தனியாகச் சிறு கட்டணம் உண்டு, அது திருப்பித் தரப்படாது. மரக்கறிக்கும் முட்டைக்கும் வேறு வேறு வகை எண் இருந்தால் இரண்டு கட்டணம். கட்டணத்தைச் சிறாப்பரிடம் செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். படிவம் நிரப்பித் தருகிறேன், பெயரைப் போட்டுத் தருகிறேன் என்று வருபவருக்கு இந்த நடைமுறையில் எந்த இடமும் இல்லை.

பத்திரங்களின் வரிசை

ஒரு பத்திரம் இன்னொன்றைப் பெற்றுத் தரும். வரிசை மாறினால் ஒரே அலுவலகத்துக்கு மூன்று முறை நடக்க வேண்டி வரும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டு போனவையும், இடம்பெயர்ந்தபோது வீட்டோடு எரிந்தவையும், முகாமிலிருந்து முகாமுக்கு மாறியபோது தவறியவையும் என்று பல குடும்பங்களின் பத்திரங்கள் இன்றும் முழுமையாக இல்லை. எனவே அடியிலிருந்தே தொடங்குவோம்.

முதற்படி கிராம உத்தியோகத்தர். உங்கள் பெயர் இப்போது எந்த வாக்காளர் இடாப்பில் உள்ளது என்று அவரிடம் கேளுங்கள். இடம்பெயர்ந்து தங்கியிருந்த ஊரிலேயே பெயர் இன்னும் இருந்தால், இங்கே வதிவிடச் சான்றிதழ் தருவதில் தடங்கல் வரும். அந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரிடமிருந்து நீங்கள் அங்கிருந்து நீங்கியதற்கான கடிதம் ஒன்றைப் பெற்றுக் கொடுத்தால் வேலை இலகுவாகும். இந்த ஒரு கடிதத்துக்காக மற்ற எல்லாமே நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

அடுத்தது தேசிய அடையாள அட்டை. தொலைந்திருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்க வேண்டும். அதோடு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் புகைப்படத்தையும் இணைத்து, கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழ் இலக்கம் தெரியாவிட்டாலும் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடுவிக்கலாம். பதிவே இல்லை என்றானால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழியை அங்கேயே சொல்வார்கள்.

மூன்றாவது வியாபாரப் பெயர்ப் பதிவு. இது மண்முனைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் நடக்கும். படிவத்தில் கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு தேவை. வியாபாரம் நடக்கும் இடம் உங்களுடையது என்றால் காணி உறுதியின் அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, வாடகை என்றால் வாடகை ஒப்பந்தம் கேட்கப்படும். காணி பாட்டனாரின் பெயரில் இருக்கிறது, பாட்டனார் இல்லை என்பது இங்கே மிகச் சாதாரணமான நிலைமை. அப்போது காணியில் உரித்துள்ளவர்கள் நீங்கள் அங்கே வியாபாரம் செய்வதற்குச் சம்மதம் தெரிவிக்கும் கடிதம் ஒன்றை ஏற்பார்களா என்று முன்கூட்டியே உரிய கிளையில் கேட்டு வையுங்கள். உணவு சம்பந்தப்பட்ட தொழிலுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையையும் கேட்பதுண்டு.

பழைய பதிவு ஒன்று வீட்டில் இருக்கலாம். அது இறந்துபோன தகப்பனின் அல்லது கணவனின் பெயரில் இருந்தால் அதைக் கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம். வியாபாரப் பதிவு காணி போல வாரிசுக்கு வந்து சேர்வதில்லை. அதில் பெயர் உள்ளவர் உயிரோடு இருந்து தொழில் நடத்துகிறார் என்பதே அதன் பொருள். இறப்பை அறிவித்து, உங்கள் பெயரில் புதிதாகப் பதியுங்கள். கடையின் பழைய பெயரை வைத்துக்கொள்ள விரும்பினால் அதையும் அப்போதே கேட்கலாம்.

யாருடைய பெயரில் பதிவது என்பதையும் வீட்டில் கதைத்து முடிவெடுங்கள். சமைப்பவர் மனைவி, பதிவு கணவன் பெயரில், வங்கிக் கணக்கு மூத்த மகன் பெயரில் என்றிருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும். வேலையை உண்மையில் செய்பவரின் பெயரிலேயே மூன்றும் இருக்கட்டும் என்பது எங்கள் ஆலோசனை.

நான்காவது வங்கிக் கணக்கு. இது கடைசியாகச் செய்ய வேண்டியது, ஏனென்றால் வியாபாரப் பெயரில் கணக்குத் திறக்கப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். நிறுவனம் தரும் காசோலையில் எந்தப் பெயர் எழுதப்படுகிறதோ அந்தப் பெயரில் கணக்கு இருக்க வேண்டும். பெறுநரின் கணக்குக்கு மட்டும் என்று குறுக்குக் கோடிட்ட காசோலையை வேறு பெயருள்ள கணக்கில் இட முடியாது.

ஒரு பெயர், இரண்டு எழுத்து

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் பத்திரம் இல்லாமை அல்ல. இருக்கும் பத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமைதான். அடையாள அட்டையில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன் தகப்பனின் முதலெழுத்து இருக்கும். திருமணத்துக்குப் பின் திறந்த வங்கிப் புத்தகத்தில் கணவனின் பெயர் இருக்கும். நிவாரண அட்டையில் இரண்டும் இல்லாமல் வீட்டுப் பெயர் மட்டும் இருக்கும். தமிழில் ஒரே மாதிரி உச்சரிக்கும் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிவிடுவார்கள். நமக்கு இது ஒரே ஆள். கோவையைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு இது மூன்று ஆட்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் எல்லாப் பத்திரங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயர், முதலெழுத்து, முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்ற நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அவரிடம் கொடுங்கள், பெரியவர்களை விடக் கவனமாகப் பார்ப்பார்கள். வேறுபாடு இருந்தால் வங்கிக் கணக்கை அடையாள அட்டைக்கு ஏற்பத் திருத்துவது இலகு. திருத்த முடியாத இடத்தில், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, அதன் பிரதியை ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணையுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் விட்டுவிட வேண்டாம். உறுதிப்படுத்திய பிரதி போதும். மூலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிசோதகர் வரும் நாள்

உணவு வழங்குபவருக்கு மேலே சொன்னவற்றோடு சுகாதாரப் பத்திரங்களும் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நீங்கள் சமைக்கும் இடத்தை வந்து பார்ப்பார். சமைப்பவர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. மச்சாள் ஒருவர் இடைக்கிடை உதவிக்கு வருகிறார் என்றால் அவருக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளில் சான்றிதழ் இல்லாத ஒருவர் சமைத்துக் கொடுத்தது தெரியவந்தால் உடன்படிக்கையே முறியலாம்.

பரிசோதகர் முதலில் கேட்பது தண்ணீர். ஆரையம்பதி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணல் நிலம். கிணற்றில் தண்ணீர் ஆழமில்லாமலே வரும், அதே மணலுக்குள் மலசலகூடக் குழியின் நீரும் இலகுவாக இறங்கும். இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சிறிய வளவுகளில், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு மிக அருகில் இருப்பதும் உண்டு. அதையும் அளந்து பாருங்கள். தூரம் போதாது என்றால் அதை மறைக்க முயல வேண்டாம். சமையலுக்குக் குழாய் நீரையோ வேறு பாதுகாப்பான கிணற்று நீரையோ எடுப்பதாகச் சொல்லி, அதை மூடிய பாத்திரத்தில் சேமிக்கும் ஒழுங்கைக் காட்டுங்கள். கிணற்றுக்குக் குளோரின் இடுவது பற்றி அவரிடமே கேட்கலாம்.

மற்றவை வீட்டில் செய்யக்கூடியவைதான். அடுப்படி கோழியும் நாயும் நுழையாதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். சமைத்ததை வைக்க நிலத்திலிருந்து உயர்ந்த மேசை, மூடியுள்ள பாத்திரங்கள், குப்பைக்கு மூடியுள்ள வாளி, கை கழுவச் சவர்க்காரம். புது வீடு கட்டி முடியும் வரை தகரக் கொட்டிலில் சமைக்கிறீர்கள் என்றால், தரை சீமெந்து பூசப்பட்டிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை குறையும். அவர் குறை சொன்னால் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். திருத்திய பின் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப வரச் சொல்லலாம்.

வைத்தியசாலை விண்ணப்பங்களில் பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரத்தையும் கேட்பார்கள். இது டிசம்பர் 31 உடன் காலாவதியாகும். நவம்பரில் விண்ணப்பித்தபோது சரியாக இருந்த பத்திரம் ஜனவரியில் கட்டளை வரும்போது செல்லாததாகியிருக்கும். புது ஆண்டின் முதல் வாரத்திலேயே மண்முனைப்பற்றுப் பிரதேச சபைக்குப் போய்ப் புதுப்பித்து, பிரதியை வைத்தியசாலைக் கோவையில் சேர்ப்பியுங்கள்.

விலையை எழுதும்போது

விலைமனுவைக் கடித உறையிலிட்டு ஒட்டி, அறிவித்தலில் சொன்ன தலைப்பை உறையின் இடது மேல் மூலையில் எழுதி, குறித்த நேரத்துக்கு முன் பெட்டியில் போட வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் ஏற்கமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. வெட்டித் திருத்திய இடத்தில் சிறு கையொப்பம் இடுங்கள். படிவத்தின் எந்தப் பக்கத்திலும் கையொப்பம் விடுபடக் கூடாது. உறைகளைத் திறக்கும்போது விலைமனு இட்டவர்கள் முன்னால் இருக்கலாம். போய் இருங்கள். மற்றவர்கள் என்ன விலை போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் அடுத்த ஆண்டுக்கு அது பெரிய உதவி.

உண்மையான ஆபத்து விலைக்குள் இருக்கிறது. நீங்கள் எழுதும் விலை பெரும்பாலும் ஆண்டு முழுவதற்குமான விலை. விலைமனு எழுதும் காலத்தில் சந்தை விலை மலிவாக இருக்கலாம். ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று மழை தொடங்கினால் படுவான்கரைத் தோட்டங்களில் வெள்ளம் நிற்கும், கடலுக்குப் போவதும் குறையும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு முன்பு படகுப்பாதையை நம்பியிருந்த மரக்கறி இப்போது வீதியால் விரைவாக வருகிறது. ஆனாலும் தோட்டத்தில் காயே இல்லாதபோது பாலம் என்ன செய்யும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். கத்தரி கிலோ 150 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள், 170 என்று எழுதிவிட்டீர்கள். மாதம் 100 கிலோ கொடுக்க வேண்டும். ஒன்பது மாதம் கிலோவுக்கு 20 ரூபா வீதம் 18,000 ரூபா மிஞ்சும். மழைக்கால மூன்று மாதத்தில் கொள்விலை 350 ஆனால் கிலோவுக்கு 180 ரூபா நட்டம், மொத்தம் 54,000. ஆண்டு முடிவில் கையிலிருந்து 36,000 ரூபா போயிருக்கும். அதே கத்தரியின் ஆண்டுச் சராசரிக் கொள்விலை 200 ரூபா. அதற்கு மேல் போக்குவரத்தையும், களஞ்சியக் காப்பாளர் அழுகல் என்று கழித்துவிடும் நிறையையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும். அப்படிப் போட்டால் இன்னொருவர் குறைந்த விலையில் எடுத்துவிடுவாரே என்று கேட்பீர்கள். எடுக்கட்டும். நட்டக் கட்டளையை இழப்பது நட்டமல்ல.

இடையில் நிறுத்திவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். நீங்கள் கொடுக்காத நாளில் வைத்தியசாலை வெளியே வாங்கி, விலை வித்தியாசத்தை உங்கள் பணத்திலிருந்து கழிக்கலாம் என்ற நிபந்தனை பல உடன்படிக்கைகளில் உண்டு. தொடர்ந்து தவறினால் கறுப்புப் பட்டியலில் பெயர் சேரும். முதல் ஆண்டில் விலை அதிகம் ஏறி இறங்காத ஒன்றிரண்டு வகைக்கு மட்டும் விண்ணப்பிப்பது நல்லது. ஒப்பந்தப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு தேவை. சிறு வழங்குநர்களுக்கு அது வராது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பணம் வரும் வரை

பாடசாலை உணவில் விலைப் போட்டி இல்லை என்றாலும் முதல் வேண்டும். 60 பிள்ளைகள், ஒருவருக்கு 100 ரூபா, மாதத்தில் 20 பாடசாலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதப் பற்றுச்சீட்டு 120,000 ரூபா. ஒரு பிள்ளைக்கு 80 ரூபா செலவானால் மாதச் செலவு 96,000. முதல் மாதப் பணம் இரண்டாம் மாத முடிவில் வந்தால், அதற்குள் 192,000 ரூபா உங்கள் கையிலிருந்து போயிருக்கும். தவணை முடிவில் வலயத்துக்கு நிதி வரப் பிந்தினால் இன்னும் கூடும். இந்தப் பணத்தை வட்டிக்கு எடுத்தால் இலாபம் வட்டிக்கே போய்விடும். அரிசிக் கடையில் இரண்டு மாதக் கடன் தருவார்களா என்று உடன்படிக்கையில் கையொப்பமிடுவதற்கு முன் கேளுங்கள். தராவிட்டால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் சிலர் சேர்ந்து எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். அப்போது தனியாள் வியாபாரப் பதிவுக்குப் பதிலாகச் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், யாப்பு, இந்த வேலையை ஏற்பதாக நிறைவேற்றிய தீர்மானத்தின் பிரதி, சங்கத்தின் வங்கிக் கணக்கு ஆகியவை கேட்கப்படும்.

பணம் குறைந்து வருவதற்கு இன்னொரு காரணம் எண்ணிக்கை. நீங்கள் சமைத்த எண்ணுக்குப் பணம் இல்லை, சாப்பிட்டதாக அதிபர் உறுதிப்படுத்திய எண்ணுக்கே பணம். மழை நாளில் 60 பேருக்குச் சமைத்து 48 பேர் வந்தால் 12 சாப்பாட்டின் செலவு, 960 ரூபா, உங்கள் தலையில். காலையில் வரவு எடுத்ததும் பொறுப்பாசிரியர் தொலைபேசியில் எண்ணைச் சொல்லும் ஒழுங்கை முதல் வாரத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். கறியைக் காலையிலேயே வைத்தாலும் சோற்றுக்கு அரிசி போடுவதை அந்த அழைப்பு வரும்வரை பிற்போடலாம்.

நாள்தோறும் ஒரு கொப்பியில் திகதி, உணவு, எண்ணிக்கை எழுதிப் பொறுப்பாசிரியரின் கையொப்பம் வாங்குங்கள். வைத்தியசாலைக்கானால் பொருள் ஒப்படைக்கும் சீட்டை இரண்டு பிரதியாக எழுதி, ஏற்றுக்கொண்ட நிறையைக் குறிப்பித்து, களஞ்சியக் காப்பாளரின் கையொப்பமும் திகதியும் உள்ள பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மாதப் பற்றுச்சீட்டை அடுத்த மாதம் முதல் வாரத்திலேயே கொடுத்து, கொடுத்த திகதியை உங்கள் பிரதியில் முத்திரையோடு பதிவித்துக்கொள்ளுங்கள். பணம் பிந்தும்போது "எங்கே நிற்கிறது?" என்று வலயத்திலோ பிராந்தியப் பணிமனையிலோ கேட்க அந்த முத்திரைதான் வழி. அது இல்லாமல் போனால், பற்றுச்சீட்டு வரவில்லை என்ற பதிலோடு திரும்ப வேண்டி வரும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பத்திரம் குறை என்று தெரிந்தால், அதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த அறிவித்தலுக்கு விண்ணப்பிக்கலாம். அறிவித்தல் பிரதேச செயலகத்தின் பலகையில் வந்துவிட்டதா என்று ஒக்டோபரிலிருந்து வாரம் ஒரு முறை பாருங்கள்.